சீறாப்புராணத்தில் வரலாறு எது, காப்பிய மரபு எது?

சீறாப்புராணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்களிடையே இரண்டு விதமான கருத்துகள் எழுவதுண்டு. அது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறு, ஆகவே அதில் உள்ளதெல்லாம் நடந்தவையே என்பது ஒன்று. அதில் ஆதாரமற்ற கதைகள் நிறைந்திருக்கின்றன, ஆகவே அதை ஒதுக்கிவிட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே அந்நூல் எப்படி ஆக்கப்பட்டது என்பதைக் கவனிக்காமல் சொல்லப்படுபவை.

'ஸீரா' என்ற அரபுச் சொல் தமிழில் 'சீறா' ஆனது. அதனோடு 'புராணம்' என்ற சொல்லைச் சேர்த்துத் தம் நூலுக்குப் பெயரிட்டார் உமறுப் புலவர். அவர் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். கீழக்கரை வள்ளல் சீதக்காதி இந்நூலைப் பாடத் தூண்டினார். சீதக்காதிக்குப் பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவு கொடுத்தார். மார்க்க விடயங்களை அறிந்துகொள்வதற்காகப் புலவர் ஷெய்கு சதக்கத்துல்லாஹ் அப்பாவை அணுகினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதாவது மார்க்கச் செய்தி ஆலிம்களிடமிருந்தும், பாடும் முறை தமிழ்க் காப்பியங்களிலிருந்தும் வந்தன. இந்த இரண்டையும் பிரித்தறிவதே வாசகரின் முதல் வேலை.

நூல் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று பகுதிகளாக 92 படலங்களைக் கொண்டது. பாடல்கள் 5027. அவை விருத்தங்கள். விருத்தத்தில் நான்கு அடிகள் வரும். ஒவ்வோர் அடியிலும் சீர்களின் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும். நான்கு அடிகளின் இரண்டாம் எழுத்தும் எதுகையாக அமைய வேண்டும். 'முகம்மது' என்ற பெயரை ஓரடியின் முதலில் வைத்தால், மற்ற மூன்று அடிகளும் 'அகத்தினில்', 'செகத்தினில்', 'நகரினில்' என்பது போன்ற சொற்களில் தொடங்க வேண்டும். எல்லா அரபுப் பெயருக்கும் இப்படி மூன்று துணைச் சொற்கள் எளிதில் கிடைப்பதில்லை. பெயர் வரவேண்டிய இடத்தில் சிறப்புப் பெயர்களும் அடைமொழிகளும் அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அகீதாவின் சொற்களாகப் பொருள் கொள்ளத் தொடங்கினால் புலவர் நினையாத இடத்துக்குப் போய்ச் சேருவோம்.

முதலில் நாட்டுப் படலத்தைப் பார்ப்போம். காப்பியம் பாடுபவர் கடவுள் வாழ்த்துக்குப் பின் நாட்டையும் நகரத்தையும் வருணிக்க வேண்டும் என்பது தமிழ் மரபு. கம்பராமாயணமும் அவ்வாறே தொடங்குகிறது. உமறுப் புலவரும் அரபு நாட்டை அப்படியே பாடுகிறார். மேகம் கடல்நீரை முகந்து மலையில் பொழிகிறது, வெள்ளம் பெருகி வயலில் பாய்கிறது, நாற்று நட்டு நெல் விளைகிறது. மக்காவைச் சூழ்ந்த வறண்ட நிலத்தில் நெல்வயல் ஏது என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அங்கே புலவர் புவியியல் சொல்ல வரவில்லை. நல்ல நாடு என்றால் நீரும் நெல்லும் நிறைந்த நாடு என்பதே தமிழரின் இலக்கிய மொழி. ரஸூலுல்லாஹ் பிறந்த நாட்டின் சிறப்பை அந்த மொழியிலேதான் அவர் சொல்கிறார். இது வரலாறு அல்ல, பொய்யும் அல்ல, காப்பிய மரபு.

இனி நுபுவ்வத்துக் காண்டத்தில் உள்ள மானுக்குப் பிணை நின்ற படலத்தை எடுத்துக்கொள்வோம். வேடன் ஒருவன் ஒரு பெண்மானைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். அது நாயகத்திடம் பேசி, குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதாகக் கேட்கிறது. நாயகம் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் போகிறது, சொன்னபடியே குட்டியோடு திரும்புகிறது. வேடன் ஈமான் கொள்கிறான்.

மான் பேசிய செய்தியைப் புலவர் தாமாகக் கற்பனை செய்யவில்லை. இமாம் பைஹகீ, அபூ நுஐம் ஆகியோர் நபித்துவத்தின் சான்றுகளைத் தொகுத்த நூல்களில் இதற்கு அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் துறை அறிஞர்கள் குறைகூறியும் இருக்கிறார்கள். அந்த அறிவிப்பு சில வரிகளில் முடிந்துவிடுகிறது. சீறாவிலோ அது ஒரு முழுப் படலமாக விரிகிறது. வீடு சேர்ந்த பெண்மான் தன் கலையிடமும் கன்றிடமும் நடந்ததைச் சொல்வது, திரும்பிப் போகவேண்டாம் என்று கலை தடுப்பது, வாக்குத் தவற மாட்டேன் என்று பெண்மான் மறுப்பது ஆகியவை படலத்தின் உயிரான இடங்கள். இந்த உரையாடல் புலவரின் ஆக்கம். அமானிதமும் கருணையும் என்ற கருத்தை அவர் ஒரு குடும்பத்தின் கண்ணீருக்குள் வைத்துக் காட்டுகிறார்.

ஆகவே ஒரு படலத்துக்குள்ளேயே மூன்று அடுக்குகள் இருக்கலாம்: அல்குர்ஆனிலோ ஹதீஸிலோ வந்த செய்தி, பிற்கால நூல்களும் மக்கள் வழக்கும் சேர்த்த கதை, புலவரின் விரிவு. சந்திரன் பிளந்த நிகழ்ச்சி அல்குர்ஆனின் 54ஆவது அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஸஹீஹுல் புகாரியிலும் உள்ளது. ஆனால் ஹபீப் என்னும் அரசன் படையோடு வந்து அதைக் கேட்டான் என்று சீறாவில் வரும் நீண்ட கதை அதே தரத்தில் வைக்கக்கூடியதல்ல. படலத்தை வாசித்து முடித்ததும் நிகழ்ச்சியை மட்டும் இரண்டு வரிகளில் எழுதி, அதை ஸீரா நூலொன்றுடன் ஒப்பிட்டால் எந்த அடுக்கு எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு முக்கியமான வரம்பும் உண்டு. சீறாப்புராணம் முற்றுப்பெறாத நூல். ஒட்டகம் மேய்த்தவரைக் கொன்று ஒட்டகங்களைக் கவர்ந்து சென்ற உறனிக் கூட்டத்தாரின் படலத்தோடு அது நின்றுவிடுகிறது. மக்கா வெற்றியும், இறுதி ஹஜ்ஜுப் பேருரையும், நாயகத்தின் வபாத்தும் அதில் இல்லை. எஞ்சிய வரலாற்றைக் காயல்பட்டினம் பனீ அகுமது மரைக்காயர் 'சின்னச் சீறா' என்ற நூலில் பாடினார். எனவே உமறுப் புலவரின் நூலை மட்டும் படித்து முழு ஸீராவையும் அறிந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது.

ஏட்டில் இருந்த சீறா 1842இல் அச்சேறியது. அதைப் பதிப்பித்தவர் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம். அவரும் காப்பியங்கள் பாடிய புலவர். இந்த இலக்கியப் பரப்பைப் பல்கலைக்கழக ஆய்வுக்குக் கொண்டுவந்தவர்களுள் முன்னோடி நமது நாட்டவரான பேராசிரியர் ம. மு. உவைஸ். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு பற்றிய அவரது ஆய்வு 1950களின் தொடக்கத்திலேயே நூலாக வெளிவந்தது.

சீறாவை விருத்தமாகப் பாடிப் பொருள் சொல்லும் சபைகள் எமது ஊர்களிலும் இருந்தன. அங்கே பாடலைப் பாடுபவரோடு பொருள் விரிப்பவரும் இருந்தார். இன்று நூல் கையில் இருக்கிறது, பொருள் விரிப்பவர் இல்லை. அதனால்தான் நெல்வயலும் பேசும் மானும் வரலாறாகவோ பொய்யாகவோ மட்டும் தெரிகின்றன. சன்மார்க்கச் சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் ஆதாரம் தேட அதற்குரிய நூல்கள் உள்ளன. நாயகத்தின் மீது நம் முன்னோர் கொண்ட அன்பைத் தம் தாய்மொழியில் எப்படிச் சொன்னார்கள் என்பதை அறியச் சீறாப்புராணம் இருக்கிறது. அதை அதற்குரிய இடத்தில் வைத்து வாசிப்போமாக.