ஈருறுப்பு விரிவில் குறித்த உறுப்பும் மாறிலி உறுப்பும்

ஈருறுப்புத் தேற்றம் என்பது (a + b)ⁿ என்னும் அடுக்கை, n ஒரு மிகை முழு எண்ணாக இருக்கும்போது, n + 1 உறுப்புகளின் கூட்டலாக விரித்தெழுதும் இயற்கணித விதி. இந்த விதியைக் கொண்டு முழு விரிவையும் எழுதாமலேயே வேண்டிய உறுப்பை மட்டும் தனியே எடுக்கலாம். x-இன் குறித்த அடுக்கைக் கொண்ட உறுப்பைக் காண்பதும், x இடம்பெறாத உறுப்பைக் காண்பதும் இவ்வகையின் முதன்மையான கணக்குகள். x இடம்பெறாத உறுப்பு மாறிலி உறுப்பு என்றும் x-ஐச் சாராத உறுப்பு என்றும் வழங்கும்.

தேற்றமும் பொது உறுப்பும்

(a + b)ⁿ என்பது (a + b) என்ற ஒரே அடைப்பை n முறை எழுதிப் பெருக்குவது. பெருக்கும்போது ஒவ்வோர் அடைப்பிலிருந்தும் a அல்லது b, இரண்டில் ஒன்றை எடுக்கிறோம். r அடைப்புகளிலிருந்து b எடுத்தால் மீதமுள்ள n − r அடைப்புகளிலிருந்து a வரும். கிடைக்கும் பெருக்கற்பலன் aⁿ⁻ʳbʳ. n அடைப்புகளில் r அடைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் ⁿCᵣ. எனவே aⁿ⁻ʳbʳ விரிவில் அத்தனை முறை தோன்றும். அவற்றை ஒன்றாகக் கூட்டினால் வருவதே பொது உறுப்பு:

Tᵣ₊₁ = ⁿCᵣ aⁿ⁻ʳ bʳ, r = 0, 1, 2, …, n

r சுழியிலிருந்து தொடங்குவதால் உறுப்பின் வரிசை எண் எப்போதும் r-ஐவிட ஒன்று கூடுதலாக இருக்கும். r = 3 என்றால் கிடைப்பது நான்காம் உறுப்பு.

அடுக்குகளின் ஒழுங்கு

a, b இரண்டும் x-இன் அடுக்குகளைக் கொண்டிருக்கும்போது பொது உறுப்பின் பயன் முழுமையாக வெளிப்படுகிறது. a = αxᵖ, b = β/x^q என்று கொள்வோம். பொது உறுப்பில் x-இன் அடுக்கு p(n − r) − qr, அதாவது pn − (p + q)r ஆகும். r ஒன்று கூடும்போதெல்லாம் அடுக்கு p + q அளவு குறைகிறது. ஆகவே விரிவில் வரும் அடுக்குகள் pn-இல் தொடங்கி −qn-இல் முடியும் ஒரு கூட்டுத் தொடர்வரிசை.

இந்த ஒழுங்கினால்தான் உறுப்பைத் தேடும் வேலை r-இல் அமைந்த ஓர் எளிய ஒருபடிச் சமன்பாடாகச் சுருங்குகிறது. xᵐ உள்ள உறுப்பு வேண்டுமானால் pn − (p + q)r = m என்று எழுதி r-ஐக் காண வேண்டும். மாறிலி உறுப்புக்கு m = 0; அப்போது r = pn/(p + q). கிடைக்கும் r சுழிக்கும் n-க்கும் இடைப்பட்ட முழு எண்ணாக இருந்தால் அந்த உறுப்பு உண்டு. பின்னமாகவோ குறை எண்ணாகவோ n-ஐவிடப் பெரிதாகவோ வந்தால் விரிவில் அத்தகைய உறுப்பு இல்லை. அதன் கெழு சுழி. p + q சுழியாகாதபோது சமன்பாட்டுக்கு ஒரே ஒரு தீர்வு உண்டு என்பதால், ஒரே அடுக்குள்ள இரண்டு உறுப்புகள் விரிவில் அமையா.

எடுத்துக்காட்டு

(2x³ − 3/x²)⁵ என்பதன் மாறிலி உறுப்பைக் காண்போம். இங்கே a = 2x³, b = −3/x², n = 5. கழித்தல் குறி b-உடன் சேர்ந்தே வருவதைக் கவனிக்க வேண்டும். பொது உறுப்பு:

Tᵣ₊₁ = ⁵Cᵣ (2x³)⁵⁻ʳ (−3/x²)ʳ

இதை எண் பகுதி, x பகுதி என்று இரண்டாகப் பிரித்தெழுதுவது நல்லது:

Tᵣ₊₁ = ⁵Cᵣ · 2⁵⁻ʳ · (−3)ʳ · x¹⁵⁻⁵ʳ

மாறிலி உறுப்புக்கு 15 − 5r = 0; எனவே r = 3. இது 0-க்கும் 5-க்கும் இடைப்பட்ட முழு எண் என்பதால் உறுப்பு உண்டு. அது நான்காம் உறுப்பு. எண் பகுதியில் r = 3 எனப் பிரதியிட,

T₄ = ⁵C₃ · 2² · (−3)³ = 10 × 4 × (−27) = −1080

அதே விரிவில் x⁷-இன் கெழு கேட்கப்பட்டால் 15 − 5r = 7 என்பதிலிருந்து r = 8/5 என்று வரும்; அப்படியோர் உறுப்பு இல்லை. x⁻¹⁵ கேட்கப்பட்டால் r = 6 என்று வரும். அது முழு எண்தான். ஆனால் r-இன் உச்ச மதிப்பு 5 என்பதால் அந்த உறுப்பும் இல்லை.

அடுக்கு 5 மட்டுமே என்பதால் முழு விரிவையும் எழுதி விடையைச் சரிபார்க்கலாம்:

32x¹⁵ − 240x¹⁰ + 720x⁵ − 1080 + 810x⁻⁵ − 243x⁻¹⁰

அடுக்குகள் 15, 10, 5, 0, −5, −10 என்று ஐந்தைந்தாக இறங்குகின்றன. இன்னொரு சோதனையும் உண்டு. x = 1 என்று பிரதியிட்டால் மூலக்கோவை (2 − 3)⁵ = −1 ஆகும். வலப்பக்கக் கெழுக்களைக் கூட்டினாலும் −1 வருகிறது. ஏதேனும் ஒரு கெழுவின் குறி மாறியிருந்தால் இந்தக் கூட்டுத்தொகை ஒத்துவராது.

வழக்கமாக நேரும் பிழைகள்

முதலாவது, கழித்தல் குறியை அடைப்புக்கு வெளியே விட்டுவிடுவது. மேலுள்ள கணக்கில் r ஒற்றை எண் என்பதால் குறியை மறந்தவருக்கு 1080 என்ற விடை வரும். r இரட்டை எண்ணாக அமையும் கணக்குகளில் இதே பிழை விடையைப் பாதிப்பதில்லை. அதனால் அது கண்ணில் படாமல் தொடர்ந்துவிடுகிறது.

இரண்டாவது, அடுக்கை x-க்கு மட்டும் கொடுத்து எண்ணை விட்டுவிடுவது. (2x³)² என்பது 4x⁶. அதை 2x⁶ என்று எழுதினால் விடை பாதியாகிவிடும். எண் பகுதியை முதலிலேயே தனியே பிரித்து வைத்தால் இந்தப் பிழை நேராது.

மூன்றாவது, கெழுவையும் ஈருறுப்புக் கெழுவையும் ஒன்றாகக் கருதுவது. நான்காம் உறுப்பின் ஈருறுப்புக் கெழு ⁵C₃ = 10; அந்த உறுப்போ −1080. வினாவில் எது கேட்கப்படுகிறது என்பதைப் பார்த்தே விடை எழுத வேண்டும்.

உறுப்பின் வரிசை எண்ணிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அதே கோவையை (−3/x² + 2x³)⁵ என்று மாற்றி எழுதினால் r = 2 என்று வந்து, −1080 மூன்றாம் உறுப்பாகிவிடும். உறுப்பின் மதிப்பு எழுதும் வரிசையைப் பொறுத்து மாறுவதில்லை. அதன் இடம் மாறும்.

பெருக்கலும் மூவுறுப்பும்

விரிவு வேறொரு கோவையால் பெருக்கப்பட்டிருந்தால் மாறிலி ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகளிலிருந்து வரலாம். (4 + x⁵)(2x³ − 3/x²)⁵ என்பதில் 4 என்ற எண் விரிவின் மாறிலி உறுப்போடு சேர்ந்து −4320 தருகிறது. x⁵ விரிவிலுள்ள 810x⁻⁵ உடன் சேர்ந்து 810 தருகிறது. எனவே மாறிலி −4320 + 810 = −3510. முதல் காரணியின் ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் அடுக்கை ஈடுசெய்யும் உறுப்பை விரிவில் தேடுவதே இங்கு முறை.

அடைப்புக்குள் மூன்று உறுப்புகள் இருந்தால் முதலில் அவற்றை ஈருறுப்பாக மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். x + 2 + 1/x என்பது (1 + x)²/x. எனவே (x + 2 + 1/x)⁴ = (1 + x)⁸/x⁴. இதன் மாறிலி, (1 + x)⁸-இல் x⁴-இன் கெழுவான ⁸C₄ = 70. நடுவிலுள்ள 2-ஐ 1 ஆக மாற்றினால் இந்த வழி அடைபடுகிறது. (x + 1 + 1/x)⁴ என்பதில் நான்கு அடைப்புகளிலிருந்து x எத்தனை முறை எடுக்கப்படுகிறதோ அத்தனை முறையே 1/x-உம் எடுக்கப்பட வேண்டும். இரண்டும் எடுக்கப்படாத வகை 1. ஒவ்வொன்றும் ஒருமுறை வரும் வகைகள் 12. ஒவ்வொன்றும் இருமுறை வரும் வகைகள் 6. ஆக மாறிலி 19.

மாறிலியின் எண்ணிக்கைப் பொருள்

(x + 1/x)¹⁰ என்பதில் x-ஐ வலப்பக்கம் ஓர் அடியாகவும் 1/x-ஐ இடப்பக்கம் ஓர் அடியாகவும் கொண்டால், ஒவ்வொரு பெருக்கற்பலனும் பத்து அடிகள் கொண்ட ஒரு நடையைக் குறிக்கும். x-இன் அடுக்கு நடை முடியும் இடத்தைச் சொல்லும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் நடைகளின் எண்ணிக்கைதான் மாறிலி உறுப்பு: ¹⁰C₅ = 252. மொத்த நடைகள் 2¹⁰ = 1024. இரு திசைகளுக்கும் சம வாய்ப்பு இருந்தால் பத்தாம் அடியில் தொடக்க இடத்தில் நிற்பதற்கான நிகழ்தகவு 252/1024, கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. அடிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் r பின்னமாக வரும். மாறிலி இல்லை, திரும்பவும் முடியாது.

வரலாறு

இரண்டு உறுப்புகளின் கூட்டலை வர்க்கப்படுத்தும் விதி யூக்ளிடின் நூலில் வடிவியல் உருவில் உள்ளது. பிங்கலரின் யாப்பு நூலுக்கு 10-ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர், ஈருறுப்புக் கெழுக்களை முக்கோணமாக அடுக்கும் முறையை மேரு பிரஸ்தாரம் என்ற பெயரில் விளக்கினார். அங்கே அது குறிலும் நெடிலும் சேரும் வகைகளை எண்ணப் பயன்பட்டது. அதே முக்கோணத்தைப் பாரசீக, அரபுக் கணிதவியலாளர்களும் அறிந்திருந்தனர். சீனாவில் யாங் ஹுய் 1261-இல் அதைப் பதிவு செய்தார். பிளேஸ் பாஸ்கல் அதைப் பற்றி எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1665-இல் வெளிவந்தது. முக்கோணம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

முறையின் எல்லை

அடுக்கு பின்னமாகவோ குறை எண்ணாகவோ இருக்கும் நிலைக்குத் தேற்றத்தை விரித்தவர் ஐசக் நியூட்டன். 1676-இல் ராயல் சொசைட்டியின் செயலராக இருந்த ஓல்டன்பர்க்குக்கு எழுதிய கடிதங்களில் அவர் அதை விளக்கினார். அந்நிலையில் விரிவு முடிவில்லாத தொடராகிறது. x-இன் மதிப்பு உரிய எல்லைக்குள் இருந்தால் மட்டுமே அது பொருந்தும். இதனால் மாறிலி உறுப்பு என்ற கருத்தும் மாறிவிடுகிறது. (1 + 1/x)⁻¹ என்பதை |x| > 1 எனக் கொண்டு விரித்தால் 1 − 1/x + 1/x² − … வரும், மாறிலி 1. அதையே |x| < 1 எனக் கொண்டு x/(1 + x) என எழுதி விரித்தால் x − x² + x³ − … வரும், மாறிலி சுழி. மிகை முழு எண் அடுக்குக்கு மாறிலி உறுப்பின் மதிப்பு ஒன்றே ஒன்றாக உறுதியாக அமைகிறது. மற்ற அடுக்குகளுக்கு, எந்த எல்லைக்குள் விரிக்கிறோம் என்று சொன்ன பிறகே மாறிலி எது என்று கேட்க முடியும்.