ரெமிஷன் (புற்றுநோய்த் தணிவு)

ரெமிஷன் அல்லது நோய்த் தணிவு என்பது, சிகிச்சைக்குப் பின் புற்றுநோயின் அடையாளங்கள் குறைந்துவிட்ட அல்லது தேடியும் அகப்படாத நிலை. ஓரளவு குறைந்திருந்தால் பகுதித் தணிவு (பார்ஷியல் ரெமிஷன்) என்றும், எதுவும் தென்படாவிட்டால் முழுத் தணிவு (கம்ப்ளீட் ரெமிஷன்) என்றும் அறிக்கையில் எழுதுவார்கள். எந்தக் கருவியால் தேடினார்கள், அந்தக் கருவி எவ்வளவு நுட்பமானது என்பதைப் பொறுத்தே இதன் பொருள் அமைகிறது. நோய் முற்றிலும் அழிந்துவிட்டது என்பது இதற்குப் பொருளல்ல. இந்த வேறுபாடு முதலில் தெளிவாகப் புலப்பட்டது குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில்தான். அதனால் இக்கட்டுரை அந்நோயையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

வரலாறு

1940-களின் நடுப்பகுதி வரை தீவிர லிம்போபிளாஸ்டிக் லூக்கேமியா வந்த குழந்தைகள் பெரும்பாலும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்துவிடுவார்கள். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோயியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர், 1947 இறுதியில் அமினோப்டெரின் என்ற மருந்தை இக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். செல் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அதன் வேலையைத் தடுப்பதே இம்மருந்தின் இயல்பு. லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழு இதை உருவாக்கித் தந்தது. சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

1948 ஜூனில் வெளிவந்த ஃபார்பரின் கட்டுரைப்படி, மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது, ரத்த எண்ணிக்கை சீரானது, எழுந்து நடமாடினார்கள். ஆனால் கட்டுரையின் தலைப்பிலேயே இவை 'தற்காலிகத் தணிவுகள்' என்று குறிக்கப்பட்டிருந்தன. சில மாதங்களில் நோய் திரும்பியது. அப்போது அதே மருந்து முன்போல் வேலை செய்யவில்லை.

தணிந்த நோய் ஏன் திரும்புகிறது என்பதற்கு 1960-களில் அமெரிக்காவின் அலபாமாவில் ஹோவர்ட் ஸ்கிப்பர் எலிகளைக் கொண்டு விடை கண்டார். ஒரே ஒரு லூக்கேமியா செல்லைச் செலுத்தினாலும் அது பெருகி எலியைக் கொன்றுவிடக்கூடும். மருந்தோ ஒவ்வொரு தவணையிலும் செல்களில் ஒரு விகிதத்தைத்தான் கொல்கிறது. நூற்றில் 99 போனால், மிஞ்சிய ஒரு பங்கு மறுபடி பெருகும். ஆகவே கண்ணுக்கு நோய் மறைந்த பிறகும் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்ற முடிவு பிறந்தது.

மெம்ஃபிஸ் நகரில் 1962-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் இதைச் செயல்படுத்தினார். அப்போது இன்னொரு சிக்கல் தெரியவந்தது. எலும்பு மஜ்ஜையில் நோய் அடங்கியிருந்த குழந்தைகளுக்கு மூளை உறையில் அது தலைதூக்கியது. ரத்தத்தில் செலுத்தும் மருந்துகளில் பல அங்கே போதிய அளவு சேர்வதில்லை. எனவே மூளையில் அறிகுறி தோன்றும் முன்பே தலைக்குக் கதிர்வீச்சும், தண்டுவட நீரில் மெத்தோட்ரெக்சேட் ஊசியும் கொடுத்தார்கள். 1967-இல் தொடங்கிய இத்திட்டத்தில் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் நோயின்றி நீண்ட காலம் வாழ்ந்தனர். இந்நோயைக் குணப்படுத்த முடியும் என்ற பேச்சு உண்மையில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முழுத் தணிவில் மிஞ்சுவது

நோய் கண்டறியப்படும்போது ஒரு குழந்தையின் உடலில் சுமார் ஒரு லட்சம் கோடி லூக்கேமியா செல்கள் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. முதல் கட்ட சிகிச்சை நான்கு, ஐந்து வாரங்கள் நடக்கும். அதன் முடிவில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். முதிராத செல்களான பிளாஸ்ட்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்து, ரத்த எண்ணிக்கைகள் மீண்டு, உடலின் வேறெங்கும் நோய் இல்லையென்றால் அது முழுத் தணிவு.

இந்த 5 சதவீத எல்லைக்குக் காரணம் நுண்ணோக்கியின் வரம்பு. நோயற்ற மஜ்ஜையிலும் சில முதிராத செல்கள் இருக்கும். அவற்றையும் லூக்கேமியா செல்லையும் பார்வையால் மட்டும் பிரித்தறிய முடியாது. எனவே நூற்றில் 99 பங்கு அழிந்து ஆயிரம் கோடி செல்கள் மிஞ்சியிருந்தாலும் அறிக்கையில் 'கம்ப்ளீட் ரெமிஷன்' என்று வரலாம். குழந்தை விளையாடும், நன்றாகச் சாப்பிடும், ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கும். இந்நிலையில் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் நோய் திரும்பும்.

இதனால் பின்னாளில் எம்.ஆர்.டி. என்ற பரிசோதனை வந்தது. ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவி செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதங்களை வைத்து, பத்தாயிரம் செல்களில் ஒன்று லூக்கேமியா செல்லாக இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். முதல் கட்ட முடிவில் இந்த அளவு 0.01 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நோய் திரும்பும் அபாயம் கூடுதல் என்று கொண்டு, பல திட்டங்களில் சிகிச்சையைக் கடுமையாக்குவார்கள். இதிலும் எதுவும் தெரியாத குழந்தைக்குச் சில கோடி செல்கள் மிஞ்சியிருக்க இடமுண்டு. தினமும் மெர்காப்டோப்யூரின் மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்று மொத்த சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீள்வது இதனால்தான். வீட்டில் மாத்திரை அடிக்கடி தவறுவது நோய் திரும்ப ஒரு காரணம் என்று அறியப்பட்டுள்ளது.

'குணமாகிவிட்டது' என்பதில் உள்ள தயக்கம்

குணம் என்பதற்கு இன்றும் பொருந்தும் வரையறையை 1963-இல் மான்செஸ்டரின் எரிக் ஈசன், மரியன் ரஸ்ஸல் ஆகியோர் ஹாட்ஜ்கின் நோய் பற்றிய கட்டுரையில் தந்தனர். சிகிச்சைக்குப் பின் ஆண்டுகள் பல கழிந்து, நோயின்றி எஞ்சியிருக்கும் ஒரு குழுவின் இறப்பு விகிதம் அதே வயதும் பாலினமும் கொண்ட பொதுமக்களின் விகிதத்தோடு ஒத்துப்போனால், அக்குழு குணமடைந்தது எனலாம். இது ஒரு கூட்டத்தைப் பற்றிய அளவை. எதிரே அமர்ந்திருக்கும் ஒருவர் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவரா என்று அன்றைக்கே சொல்லிவிடும் பரிசோதனை இல்லை. காலம் கடந்த பிறகே அது தெரியும்.

அந்தக் காலமும் நோய்க்கு நோய் மாறுபடும். குழந்தைகளின் லூக்கேமியா திரும்புவதானால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே திரும்பிவிடும். ஆகவே ஐந்து ஆண்டுகள் கடந்தபின் மருத்துவர் ஓரளவு துணிந்து பேசுவார். ஹார்மோன் ஏற்பி கொண்ட மார்பகப் புற்றுநோயோ 15, 20 ஆண்டுகளுக்குப் பிறகும் எலும்பிலோ கல்லீரலிலோ தோன்றியதுண்டு. அந்நோயில் ஐந்தாம் ஆண்டு நிறைவைக் குணத்துக்கான எல்லையாகக் கொள்ள முடியாது. நோயாளியிடம் 'குணம்' என்று முன்கூட்டிச் சொன்னால் அவர் மாத்திரையையும் தொடர் பரிசோதனையையும் கைவிடக்கூடும் என்பதும் தயக்கத்துக்கு ஒரு காரணம்.

திடக் கட்டிகள்

கட்டியாக வளரும் புற்றுநோய்களுக்கு ஸ்கேன் அளவே ஆதாரம். 2009-இல் திருத்தப்பட்ட ரெசிஸ்ட் விதிகளின்படி, அளக்கப்பட்ட கட்டிகளின் விட்டங்களின் கூட்டுத்தொகை 30 சதவீதமாவது குறைந்தால் பகுதி விளைவு. எல்லாம் மறைந்து, நிணநீர்க் கணுக்களின் குறுக்களவு 10 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் முழு விளைவு. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள எச்சம் ஸ்கேனில் பொதுவாகத் தெரியாது.

இன்றைய நிலை

வசதியுள்ள நாடுகளில் தீவிர லிம்போபிளாஸ்டிக் லூக்கேமியா வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கின்றனர். நாட்பட்ட மைலாய்டு லூக்கேமியாவில் இமாட்டினிப் மாத்திரையை மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தியும் சிலருக்கு நோய் திரும்பவில்லை. அதற்கும் 'சிகிச்சையற்ற தணிவு' என்றே பெயர்.