கச்சா எண்ணெய் விலையும் பங்குத் துறைகளும்

காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் உருவாகும் டயரில் செயற்கை ரப்பர், கார்பன் பிளாக், நைலான் நூல் எல்லாம் கச்சா எண்ணெயின் வழிவந்தவை. எண்ணெய் ஏறினால் மூலப்பொருள் செலவு கூடும். டயர் விலையை உடனே உயர்த்த முடியாததால் லாபம் சுருங்கும், பங்கு இறங்கும்.

சுத்திகரிப்பின் கணக்கே வேறு. 2022 மார்ச்சில் பிரெண்ட் எண்ணெய் பீப்பாய்க்கு 139 டாலரைத் தொட்டது. டீசல் விலை அதைவிட வேகமாக ஏறியதால், ஏப்ரல்–ஜூன் காலாண்டில் மணலியின் சென்னை பெட்ரோலியம் 2,300 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் கண்டது. பெட்ரோல் பங்க்குகளில் விலையை உயர்த்தாமல் விற்ற அதன் தாய் நிறுவனம் இந்தியன் ஆயிலுக்கோ அதே காலாண்டில் சுமார் 1,990 கோடி நஷ்டம். ஆகவே எண்ணெய்ப் பங்கு வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, கச்சா எண்ணெய்க்கும் டீசலுக்கும் உள்ள விலை இடைவெளியை.