வெப்சைட்டை நாமே செய்யலாமா, ஃப்ரீலான்சரிடம் கொடுக்கலாமா? ஒரு புதுச்சேரி ஹோம்ஸ்டே கணக்கு

"தம்பி, நீதான் எந்நேரமும் போன்லயே இருக்கியே, நமக்கு ஒரு வெப்சைட் பண்ணிக்குடேன்!" புதுச்சேரியில் மாடியை ஹோம்ஸ்டே ஆக்கிய வீடுகளில் இந்த வசனம் சகஜம். மாட்டிக்கொள்வது வீட்டின் கடைக்குட்டிதான். யூடியூப் பார்த்து நாமே செய்துவிடலாமா, இல்லை காசு கொடுத்து ஒரு ஃப்ரீலான்சரைப் பிடிக்கலாமா?

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஈஸ்வரன் கோயில் வீதிப் பக்கம் நான்கு அறைகள், ஓர் இரவுக்கு 3,000 ரூபாய். வார இறுதியில் பெங்களூரு, சென்னைக் கூட்டம். இப்போது புக்கிங் எல்லாம் ஏர்பிஎன்பி வழியாகவும் போன் வழியாகவும் வருகிறது. டிசம்பர் 31 நெரிசலுக்குள் சொந்த வெப்சைட்டிலும் புக்கிங் எடுக்க வேண்டும்.

"வெப்சைட்" என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் உள்ளே இருப்பது இரண்டு வேலை. ஒன்று, காட்டுவது. அறையின் போட்டோ, வாடகை, வழி, போன் நம்பர். இதற்கு யாரையும் தேட வேண்டாம். கூகுள் மேப்ஸில் நம் இடத்தைப் பதிவு செய்வது இலவசம். கூகுள் சைட்ஸில் நாலு பக்கம் போட ஒரு சனி, ஞாயிறு போதும். அட்வான்ஸ் வாங்க யுபிஐ கியூஆர் இருக்கிறது. வாடகையைத் தப்பாகப் போட்டுவிட்டாலும் அடுத்த நிமிஷம் கண்ணில் படும், மாற்றிவிடலாம்.

இரண்டாவது வேலை, புக்கிங் எடுப்பது. வில்லங்கம் இங்கேதான்.

ஒரே அறை, இரண்டு குடும்பம்

நம் வெப்சைட் காலண்டரையும் ஏர்பிஎன்பி காலண்டரையும் `.ics` என்று முடியும் ஒரு லிங்க்கால் இணைக்கலாம். செலவில்லை, பத்து நிமிஷ வேலை. யூடியூபில் சொல்லித் தருவதும் இதைத்தான். ஆனால் ஏர்பிஎன்பி அந்த லிங்க்கை உடனுக்குடன் படிப்பதில்லை, சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் வந்து எட்டிப் பார்க்கிறது. வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு ஒருவர் நம் வெப்சைட்டில் கடைசி அறையை எடுக்கிறார். 12 மணிக்கு இன்னொருவர் அதே அறையை ஏர்பிஎன்பியில் எடுக்கிறார். அங்கே அது இன்னும் காலி என்றுதான் காட்டும். ஏர்பிஎன்பி புக்கிங்கை நாம் ரத்து செய்தால் அபராதம் விழலாம். இன்னொருவரை ரத்து செய்தால் கூகுள் ரிவ்யூவில் திட்டு நிச்சயம். சாதாரண வாரத்தில் இது எப்போதாவதுதான் நடக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதற்கு மருந்து, எல்லா இடத்துக் காலண்டரையும் உடனுக்குடன் மாற்றும் 'சேனல் மேனேஜர்' என்ற மாத வாடகை மென்பொருள். அதை வாங்கி, நான்கு அறைக்கும் பொருத்தி, பேமென்ட்டை இணைத்து, பொய் புக்கிங் போட்டுச் சோதிக்க வேண்டும். ஃப்ரீலான்சருக்குத் தர வேண்டிய வேலை இதுதான். "புக்கிங் சிஸ்டத்தையே முதலிலிருந்து கோடு எழுதித் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால், திறமைசாலியாகவே இருந்தாலும் வேண்டாம். நான்கு அறைக்கு அது தேவையில்லை. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அதைத் தொட ஆளும் இருக்காது.

ஆக, எந்த வேலையானாலும் கேட்க வேண்டிய கேள்வி, "தப்பு நடந்தால் எனக்கு எப்போது தெரியும்?" உடனே தெரியும் என்றால் நாமே செய்யலாம். ராத்திரி 11 மணிக்குப் பெட்டியோடு கெஸ்ட் வாசலில் நிற்கும்போதுதான் தெரியும் என்றால், அதை ஏற்கெனவே சிலமுறை செய்தவரிடம் கொடுப்பதே மலிவு.

பழைய வேலையை எப்படிப் பார்ப்பது?

ஃப்ரீலான்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். முக்கால்வாசி அழகு போட்டோகிராபருடையது. ஆகவே படம் வேண்டாம், ஓடிக்கொண்டிருக்கும் மூன்று வெப்சைட்டின் லிங்க் கேளுங்கள். அதில் ஒன்றாவது ரூம் புக்கிங் எடுப்பதாக இருக்கட்டும். கல்யாண மண்டபத்துக்குச் செய்த பக்கம் நமக்கு எதையும் நிரூபிக்காது.

அவற்றை வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறங்கள். நம் கெஸ்ட் பஸ்ஸில் திண்டிவனத்தைத் தாண்டும்போது அப்படித்தான் திறப்பார். சந்தேகமிருந்தால் `pagespeed.web.dev` தளத்தில் லிங்க்கைப் போட்டு, மொபைல் பகுதியில் LCP என்ற எண்ணைப் பாருங்கள். பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ தெரிய ஆகும் நேரம் அது. 2.5 நொடிக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். அடுத்து, ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து பணம் கட்டும் திரை வரை போய்ப் பாருங்கள், கட்ட வேண்டாம். பாதி பேர் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அவர் கை எவ்வளவு தூரம் பட்டது என்பதையும் பார்க்கலாம். குரோமில் முகவரிக்கு முன்னால் `view-source:` என்று சேர்த்தால் பக்கத்தின் கோடு தெரியும். அதில் இதைத் தேடுங்கள்:

```
wp-content/themes/
```

இருந்தால் அது வேர்ட்பிரஸ். அடுத்து வரும் பெயர்தான் தீமின் பெயர். ரெடிமேட் தீம் வாங்கிச் செய்வது தப்பே இல்லை, நமக்கு அதுவே போதும். ஆனால் "எல்லாம் நானே டிசைன் பண்ணது" என்று அவர் சொல்லியிருந்தால், மற்ற பேச்சையும் கொஞ்சம் கழித்துக் கேளுங்கள்.

ஒரு வெப்சைட் பார்க்கக் கண்றாவியாக இருந்தால் உடனே அவரைத் தள்ளிவிடவும் கூடாது. ஒப்படைத்த பிறகு ஓனரே பேனர் மேல் பேனராகப் போட்டுக் கெடுத்திருக்கலாம். `web.archive.org` தளத்தில் பழைய பதிவு இருந்தால், அவர் கொடுத்த காலத்தில் எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். பிரெஞ்சுப் பக்கமும் செய்ததாகச் சொன்னால், நம் ஊரில் அதைச் சோதிப்பது சுலபம். தெருவுக்கு ஒரு பிரெஞ்சு தெரிந்த தாத்தா இருப்பார். இல்லையென்றால் அலியான்ஸ் பிரான்சேஸில் படிக்கும் நண்பர்கள் யாரிடமாவது ஒரு பத்தியைக் காட்டுங்கள்.

கடைசியாக, பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு போன் போடுங்கள். "ஆள் நல்லவரா?" என்று கேட்டால் "ம், நல்லவர்தான்" என்றுதான் பதில் வரும். "டொமைன் யார் பேர்ல இருக்கு, லாகின் உங்க கையில இருக்கா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் அவர்கிட்டதாங்க இருக்கு" என்று வந்தால் உஷார். நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் நம் வெப்சைட் முகவரி அவரிடமே தங்கிவிடும். டொமைனை நம் மெயிலில், நம் கார்டில் நாமே வாங்கி, வேலை செய்ய மட்டும் அவருக்கு அனுமதி கொடுப்பதே சரி.

ஆள் பிடித்துப்போனாலும் மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்காதீர்கள். முதலில் ஓர் அறையை மட்டும் பொருத்தித் தரச் சொல்லி அதற்கான காசைக் கொடுங்கள். நம் வெப்சைட்டில் ஒரு பொய் புக்கிங் போட்டுவிட்டு, ஏர்பிஎன்பியில் அந்தத் தேதி மூடுகிறதா என்று நீங்களே பாருங்கள். பிறகு அங்கிருந்து இங்கேயும் ஒருமுறை. அப்புறம் மீதி மூன்று அறைகள்.

அவர் நமக்காகப் புதிதாகக் கோடு எழுதினால் இன்னொரு விஷயம். 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, ஃப்ரீலான்சர் எழுதிய கோடு பொதுவாக அவருக்கே சொந்தம். காசு கொடுத்துவிட்டோம் என்பதாலேயே நம்முடையது ஆகிவிடாது. அவர் கையெழுத்திட்டு எழுத்தில் மாற்றித் தர வேண்டும். அந்தத் தாளில் எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாமல் விட்டால், சட்டம் அதை 5 வருஷம் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் 'காப்புரிமை முழுக் காலத்துக்கும்' என்று ஒரு வரி சேர்த்து, கடைசித் தவணையைக் கொடுக்கும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.