அடுத்த சீட்டு யாருக்கு? மருத்துவப் பரிசோதனைகளில் ஒதுக்கீட்டு மறைப்பு கடந்து வந்த பாதை

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்த மையம் அது. முதலில் அது எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. காசநோயாளியைச் சானடோரியத்தில் ஓராண்டு படுக்க வைத்து, நல்ல சாப்பாடு போட்டு மருந்து கொடுப்பதும், அவரை வீட்டிலேயே இருக்கவிட்டு அதே மருந்தைக் கொடுப்பதும் ஒரே பலனைத் தருமா? வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகள் சீரற்ற முறையில் இரண்டு பிரிவாக ஒதுக்கப்பட்டார்கள். 1959இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பின் நோய்க்கிருமி அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் 86 சதவீதம், சானடோரியப் பிரிவில் 92 சதவீதம். படுக்கைகளுக்கு வழியில்லாத நாட்டுக்கு இது பெரிய செய்தி.

இந்த முடிவை நம்பலாமா என்பது முக்கியமாக ஒரு விஷயத்தைப் பொறுத்தது. எந்த நோயாளி எந்தப் பிரிவுக்குப் போகிறார் என்பது மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததா? நோயாளி வீட்டில் இருக்கிறாரா, சானடோரியத்தில் இருக்கிறாரா என்பதை யாரிடமும் மறைக்க முடியாது. ஆகவே இந்த ஒப்பீட்டில் சிகிச்சையை மறைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து வாழும் குடிசைக்கு, எலும்பும் தோலுமாக வந்த நோயாளியைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? 'அடுத்தது வீடு' என்று தெரிந்தால், மோசமான நிலையில் உள்ளவரை ஏதோ காரணம் சொல்லி இரண்டு நாள் கழித்து வரச் சொல்வதே மனித இயல்பு. அப்படி நடந்தால் தேறக்கூடியவர்கள் வீட்டுப் பிரிவிலும் தேறாதவர்கள் சானடோரியத்திலும் சேர்ந்துவிடுவார்கள். வீட்டுச் சிகிச்சை உண்மையைவிட நன்றாகத் தெரியும். யாரும் பொய் எழுதியிருக்க மாட்டார்கள். இரக்கமே கணக்கைக் கெடுத்திருக்கும்.

இந்த ஆபத்து புரிபட அரை நூற்றாண்டு ஆயிற்று. 1896-97இல் கோபன்ஹேகனில் ஃபிபிகர் தொண்டை அடைப்பான் நோய்க்கான சீரத்தைச் சோதித்தபோது ஒருநாள் விட்டு ஒருநாள் என்று நோயாளிகளைப் பிரித்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் நாள்காட்டியைப் பார்த்தாலே ஒதுக்கீடு தெரிந்துவிடும். அதன் விளைவை அமெரிக்க இதயச் சங்கத்தின் ஆய்வு காட்டுகிறது. மாரடைப்பு வந்தவர்களில் ஒற்றைப்படைத் தேதியில் வந்தவருக்கு இரத்த உறைவெதிர்ப்பு மருந்து, இரட்டைப்படைத் தேதியில் வந்தவருக்கு வழக்கமான சிகிச்சை என்பது விதி. கடைசியில் மருந்துப் பிரிவில் 589 பேர், மறுபிரிவில் 442 பேர். ஒற்றைத் தேதிகள் ஆண்டுக்குச் சில நாள்தான் கூடுதல். அதைக் கழித்தாலும், இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வருவதற்குப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. மாரடைப்பு தேதி பார்த்து வருவதில்லை; சேர்த்தவர்கள்தான் தேதி பார்த்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்துச் சேர்க்கப்பட்டவர்கள் எப்படிப்பட்ட நோயாளிகள் என்பதை எந்தக் கணக்காலும் பின்னர் மீட்க முடியாது.

பிரிட்டனில் பிராட்ஃபோர்டு ஹில் இதற்கு மாற்று கண்டார். 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில், சீரற்ற எண்களைக் கொண்டு வரிசை தயாரித்து, ஒவ்வொரு சீட்டையும் எண்ணிட்ட உறையில் இட்டு ஒட்டினார்கள். நோயாளியைச் சேர்ப்பது என்று குழு முடிவு செய்த பிறகே உறை பிரிக்கப்பட்டது. முந்தைய முறைகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது எண் பட்டியல் அல்ல, இந்த முன்பின் வரிசையே. முடிவு முதலில், சீட்டு பிறகு. ஒதுக்கீட்டு மறைப்பு என்பது இவ்வளவுதான். சிகிச்சையை மறைக்க முடியாத அறுவைச் சிகிச்சையிலும், சானடோரிய ஆய்விலும்கூட இதைச் செய்ய முடியும்.

ஆனால் சீட்டின் வரிசையே தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடும். தொகுதிமுறை ஒதுக்கீட்டில் அதுதான் சிக்கல். வெம்பக்கோட்டை, சிவகாசிப் பகுதியின் பட்டாசு ஆலை விபத்துகளில் தீக்காயமடைந்தவர்களிடம் ஒரு புதிய கட்டைப் பழைய கட்டோடு ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்கான கற்பனை ஆய்வு. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஆலைகளில் வேலை மும்முரம். காயங்களும் ஒரே சீராக வருவதில்லை. வெறும் குலுக்கலில் அந்த நெருக்கடி நேரத்தில் ஒரு பிரிவுக்கே அதிகம் பேர் போய்விடலாம். அதைத் தடுக்க நான்கு நான்கு பேராகத் தொகுதி பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு புதியது, இரண்டு பழையது என்று வைக்கிறார்கள். அதற்கு ஆறு வரிசைகள்தாம் உண்டு: புபுபப, புபபுப, புபபபு, பபபுபு, பபுபபு, பபுபுப.

கட்டு என்னவென்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். எனவே மூன்று பேர் சேர்ந்ததும் நான்காமவரின் கட்டு தெரிந்துவிடுகிறது. முதல் இருவருக்கும் ஒரே கட்டு விழுந்தால் மூன்றாமவருடையதும் தெரிந்துவிடும். ஆறு வரிசைகளில் இரண்டில் இப்படி நடக்கும். கூட்டிப் பார்த்தால், சேருவோரில் மூன்றில் ஒருவரின் ஒதுக்கீடு உறை பிரியும் முன்பே உறுதியாகத் தெரிகிறது. உறையைப் பகலொளியில் பிடித்துப் பார்க்கவே வேண்டாம். மீதியிலும் ஊகிக்க முயன்றால் மொத்தத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 71 முறை சரியாக வரும். இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர்கள் பிளாக்வெல், ஹாட்ஜஸ் என்ற இரு கணிதவியலாளர்கள், ஆண்டு 1957.

இரண்டு கட்டுகளும் உண்மையில் ஒரே தரம் என்று வைப்போம். வருவோரில் பாதிப்பேருக்கு மேலோட்டமான காயம், 12 நாளில் ஆறும். மற்றவர்களுக்கு ஆழமானது, 20 நாள் ஆகும். ஒழுங்காக நடந்தால் இரு பிரிவிலும் சராசரி 16 நாள். புதிய கட்டின்மேல் நம்பிக்கை வைத்த ஒருவர், ஒதுக்கீடு உறுதியாகத் தெரிந்த இடங்களில் மட்டும் கை வைக்கிறார்: அடுத்தது புதியது என்றால் மேலோட்டமான காயக்காரரை, பழையது என்றால் ஆழமான காயக்காரரைச் சேர்க்கிறார். புதிய பிரிவின் சராசரி 14.7 ஆகிறது, பழையதன் சராசரி 17.3. இல்லாத ஒரு வித்தியாசம், இரண்டரை நாளுக்கும் மேலாக, அட்டவணையில் ஏறிவிட்டது.

இதைப் பிடிக்க வழி உண்டா? முதலில் பார்க்க வேண்டியது ஆரம்பநிலை அட்டவணை. காயத்தின் பரப்பும் ஆழமும் இரு பிரிவிலும் எப்படி இருக்கின்றன என்று. அதைவிடக் கூர்மையான சோதனை, ஊகிக்க முடிந்த இடங்களில் சேர்ந்தவர்களையும் ஊகிக்க முடியாத இடங்களில் சேர்ந்தவர்களையும் தனித்தனியே வைத்துப் பார்ப்பது. வித்தியாசம் முதல் வகையில் மட்டும் இருந்தால் கை பட்டிருக்கிறது. இந்தச் சோதனைகளோடு, தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பதிவேடும் வேண்டும். பல ஆய்வுகளில் அந்தப் பதிவேடே இருப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

தடுக்கும் வழிகள் பெரிய செலவில்லாதவை. தொகுதியின் அளவை நான்கு, ஆறு, எட்டு என்று மாற்றி மாற்றி வைத்து, அந்த அளவுகளை மருத்துவமனைக்கு அனுப்பும் ஆய்வுத் திட்டத்தில் எழுதாமல் விடலாம். ஆனால் அளவை மாற்றுவது ஊகத்தைக் குறைக்குமே தவிர, முழுதும் அழிக்காது. உறைதான் வழி என்றால் உள்ளே அலுமினியத் தாள் வைத்து, கார்பன் தாளும் வைத்து, பிரிக்கும் முன் மேலே நோயாளியின் பெயரும் தேதியும் எழுதச் சொல்ல வேண்டும்; எழுத்து சீட்டில் பதிந்துவிடும், பிறகு மாற்றி வைக்க முடியாது. இதைவிட நல்லது, வார்டுக்கு வெளியே உள்ள ஒருவர் நோயாளியைப் பதிந்துகொண்ட பிறகே தொலைபேசியில் ஒதுக்கீட்டைச் சொல்வது.

1995இல் கென்னத் ஷூல்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 250 பரிசோதனைகளை ஆராய்ந்தார்கள். ஒதுக்கீட்டு மறைப்பு போதாத ஆய்வுகள், போதுமானவற்றைவிடச் சிகிச்சைப் பலனை 41 சதவீதம் மிகைப்படுத்தின. மறைத்தார்களா என்றே எழுதாத ஆய்வுகளில் மிகை 30 சதவீதம். ஆக, எழுதாமல் விடுவதும் ஒரு தடயம்தான். இந்தியாவில் 2007இல் தொடங்கி 2009இல் கட்டாயமான மருத்துவப் பரிசோதனைப் பதிவகம் இந்தக் கேள்வியை நேராகவே கேட்கிறது: குலுக்கல் வரிசையை எப்படித் தயாரித்தீர்கள், அதை எப்படி மறைத்தீர்கள் என்று இரண்டு தனித்தனிக் கட்டங்கள். இரண்டாவது கட்டத்தில் தேர்ந்தெடுக்கத் தந்துள்ள விடைகளில் எண்ணிட்ட ஒளிபுகா உறையும் உண்டு, மையப் பதிவும் உண்டு; திறந்து வைத்த எண் பட்டியலும், ஒருவர் விட்டு ஒருவர் முறையும்கூட உண்டு. கடைசி இரண்டில் ஒன்றை டிக் செய்பவர், தன் ஆய்வில் மறைப்பே இல்லை என்று தானே எழுதிக் கொடுக்கிறார்.