முறிந்தவரா, முறித்த வேலையா? பிரிட்டனில் பணி அழுத்தச் சட்டம் வந்த பாதை

பிரிட்டனின் 1974ஆம் ஆண்டுப் பணியிட நலப் பாதுகாப்புச் சட்டம், வேலை கொடுப்பவர் தம்மால் நியாயமாக இயன்ற அளவுக்குத் தொழிலாளரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் காக்க வேண்டும் என்கிறது. அந்த நலத்தில் மனநலமும் அடங்கும். ஆனாலும் சட்டம் வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரை அரசின் ஆய்வாளர்கள் இயந்திரத்தின் பல்சக்கரத்தையும் காற்றில் கலந்த தூசியையும்தான் அளந்தார்கள். பணிச்சுமை, நீண்ட நேர வேலை, மேலதிகாரியின் துன்புறுத்தல் ஆகியவற்றால் நொறுங்கியவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. நீதிமன்றம் கேட்ட கேள்வியோ வேறு மாதிரியானது. இந்த மனிதர் முறிந்துபோவார் என்பது முதலாளிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டுமா என்று அது கேட்டது. பிற்காலத்தில் உருவான இடர் மதிப்பீட்டு முறை, இந்த வேலை யாரை வைத்தாலும் முறிக்கும்படி அமைந்திருக்கிறதா என்று கேட்கிறது. பிரிட்டனின் கதை முதல் கேள்வியிலிருந்து இரண்டாவது கேள்விக்கு நகர்ந்த கதை. அந்த நகர்வு பாதியில் நின்றுவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரண்டாவது கேள்விக்கான சான்று நீதிமன்றங்களுக்கு முன்பே கையில் இருந்தது. 1967இல் லண்டன் அரசு அலுவலகங்களில் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பொறுப்பு கூடக்கூட மாரடைப்பும் கூடும், ஆகவே பெரிய அதிகாரிகளே அதிகம் சாவார்கள் என்பது அன்றைய பொது நம்பிக்கை. மைக்கேல் மார்மட்டும் அவரது குழுவினரும் 1978இல் வெளியிட்ட முடிவு அதைத் தலைகீழாக்கியது. கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறந்த விகிதம் உயர்நிலை அதிகாரிகளுடையதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1979இல் அமெரிக்காவில் ராபர்ட் கராசெக் இதற்கு ஒரு விளக்கச் சட்டகம் தந்தார். சுமை மட்டும் மனிதரை உடைப்பதில்லை. சுமை மிகுந்தும் தன் வேலைமீது தனக்குப் பிடி குறைந்தும் இருக்கும் நிலையே உடைக்கிறது என்றார். 1985இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு, பெண்களையும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இதைச் சோதித்தது. பிடி குறைந்த வேலையில் இருந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது. ஆக, ஆபத்து மனிதரின் மனவலிமையில் மட்டும் இல்லை, வேலை பிரிக்கப்பட்டிருக்கும் விதத்திலும் இருக்கிறது.

நீதிமன்றங்கள் இந்தப் பக்கம் வந்தது மெதுவாகத்தான். 1991இல் ஓர் இளம் மருத்துவரின் வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. அவரது ஒப்பந்தப்படி வாரத்துக்கு 40 மணி நேரம் வழக்கமான வேலை. அதற்கு மேல் சராசரியாக 48 மணி நேரம் வரை அழைத்தால் வர வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார் என்ற காரணத்தால் மட்டும் அவர் வழக்கைத் தள்ள முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். இதைவிட ஆழமாகப் பாதை போட்டது நார்தம்பர்லாந்து மாவட்ட மன்றத்துக்கு எதிரான வழக்கு. அங்கே சமூகப்பணி அதிகாரி ஒருவர், குழந்தைகள் துன்புறுத்தப்படும் வழக்குகளைக் கையாளும் குழுக்களுக்குப் பொறுப்பாக இருந்தார். வழக்குகள் ஆண்டுதோறும் பெருகின, ஆட்கள் பெருகவில்லை. வேலைப் பகுதியை மாற்றிப் பிரிக்க வேண்டும் என்று மேலிடத்திடம் கேட்டும் நடக்கவில்லை. 1986 நவம்பரில் அவர் மனநலம் குலைந்து விடுப்பில் போனார். 1987 மார்ச்சில் திரும்பியபோது உதவிக்கு ஆள் தருவதாக வாக்களித்தார்கள். அந்த உதவி ஏறத்தாழ ஒரு மாதத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது. விடுப்பில் தேங்கிய வேலையும் அவர் தலைமேல் விழுந்தது. செப்டம்பரில் இரண்டாம் முறை முறிந்தார். 1988 பிப்ரவரியில் உடல்நலக் காரணம் காட்டிப் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

1994 நவம்பரில் நீதிபதி கோல்மன் தந்த தீர்ப்பு, உடற்காயத்துக்கு உள்ள அதே கடமை மனக்காயத்துக்கும் உண்டு என்றது. வழக்கு பின்னர் 1,75,000 பவுண்டில் சமரசமாக முடிந்தது. அத்தீர்ப்பின் உள்ளே ஒரு கோடு கிழிக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். முதல் முறிவுக்கு மாவட்ட மன்றம் பொறுப்பில்லை, ஏனெனில் அதை முன்னறிந்திருக்க முடியாது; இரண்டாவதற்கு மட்டுமே பொறுப்பு. அதாவது ஒரு மனிதர் ஒருமுறை உடைந்த பிறகுதான் சட்டம் அவரைப் பார்க்கிறது. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்கு வழக்குகளைச் சேர்த்து விசாரித்து, பதினாறு விதிகளை வகுத்தபோது அந்தக் கோடு இன்னும் தடித்தது. தனிப்பட்ட பலவீனம் ஏதும் தெரியாதவரை, ஊழியர் வழக்கமான அழுத்தத்தைத் தாங்குவார் என்று முதலாளி கருதிக்கொள்ளலாம். தன்னியல்பிலேயே மனநலத்துக்கு ஆபத்தானது என்று எந்தத் தொழிலையும் கொள்ள வேண்டியதில்லை. ரகசியம் காக்கும் ஆலோசனைச் சேவை வழங்கும் முதலாளி கடமை தவறியவராக இருப்பது அரிது என்றன அவ்விதிகள். இவற்றின் விளைவை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வேலை போய்விடுமோ என்று வாய்மூடித் தாங்குகிறவர் நலமாக இருப்பதாக எண்ணப்படுகிறார். கேட்காத முதலாளிக்குத் தெரியாது, தெரியாத முதலாளிக்குப் பொறுப்பில்லை. 2007இல் இன்டெல் நிறுவன வழக்கில் அதே நீதிமன்றம் ஒரு திருத்தம் தந்தது. ஊழியர் தம் பணிச்சுமை தாங்கவில்லை என்று மேலாளர்களுக்குத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். சுமையைக் குறைக்க மேலாளரால் மட்டுமே முடியும், ஆலோசகரால் முடியாது. ஆகவே ஆலோசனைச் சேவை இருந்தது என்பது நிறுவனத்தைக் காப்பாற்றாது என்று தீர்ப்பானது.

மாற்றுப்பாதை திறந்தது நீதிமன்றத்துக்கு வெளியே. 2003இல் அரசின் நல-பாதுகாப்பு நிர்வாகம் மேற்கு டார்செட்டில் ஒரு பொது மருத்துவமனை அறக்கட்டளைக்குச் சீர்திருத்த அறிவிக்கை அனுப்பியது. மருத்துவர்களும் செவிலியரும் படும் அழுத்தத்தை மதிப்பிட வேண்டும், குறைக்க வேண்டும் என்று அது கெடு வைத்தது. மன அழுத்தத்துக்காக அந்நிர்வாகம் தந்த முதல் அறிவிக்கை அதுவே. அடுத்த ஆண்டு அதே நிர்வாகத்திடமிருந்து வந்தவைதான் மேலாண்மைத் தரங்கள். வேலையின் சுமை, வேலைமீது பிடி, கிடைக்கும் ஆதரவு, உறவுகள், தன் பொறுப்பு எது என்ற தெளிவு, மாற்றங்கள் நடத்தப்படும் விதம் என ஆறு முகங்களில் வேலையை அவை பார்க்கின்றன. ஊழியர்கள் பெயரின்றி 35 கூற்றுகளுக்கு விடை தருவார்கள். விடைகளின் சராசரி மற்ற நிறுவனங்களின் அளவோடு ஒப்பிடப்படும். பிறகு அதே ஊழியர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து, எண்களுக்குப் பின்னால் இருப்பது என்ன என்று பேச வேண்டும். எந்த மாற்றத்தை யார் எப்போது செய்வது என்று எழுதி, செய்து, மீண்டும் அளக்க வேண்டும். நார்தம்பர்லாந்து அலுவலகத்தில் 1985இல் இப்படி ஒரு மதிப்பீடு நடந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆள் கூடாமல் வழக்கு கூடியது சுமையில் தெரிந்திருக்கும். பகுதியைப் பிரிக்கக் கேட்டும் கிடைக்காதது பிடியில் தெரிந்திருக்கும். மேலிடத்து மௌனம் ஆதரவில் தெரிந்திருக்கும். நீதிமன்றம் முன்னறிய முடியாது என்று சொன்ன முதல் முறிவு, வேலையைப் பார்த்திருந்தால் முன்னறியக்கூடியதே. அந்த மனிதரின் உள்ளத்தைத் துருவ வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இதற்கு எதிராக அடிக்கடி சொல்லப்படுவது, அழுத்தம் என்பது அவரவர் உணர்வு, கேள்வித்தாள் குறைசொல்லும் மனத்தைத்தான் அளக்கும் என்பது. தனி ஒருவரின் விடையை வைத்து முடிவெடுத்தால் அது சரியான ஆட்சேபம். ஆனால் ஒரே துறையில் முப்பது பேர், ஒருவர் விடை மற்றவருக்குத் தெரியாமல், காலக்கெடுக்கள் எட்ட முடியாதவை என்று சொல்லும்போது அது முப்பது மனங்களின் கோளாறு அல்ல. அந்தத் துறையின் விடுப்புப் பதிவும் வேலையை விட்டுப்போனோர் கணக்கும் அதே திசையைக் காட்டுகின்றனவா என்று பார்த்துவிட்டால் ஐயம் இன்னும் குறையும். வீட்டுக் கவலையும்தானே மனிதரை உடைக்கிறது என்பது இன்னொரு ஆட்சேபம். உண்மைதான். நுரையீரலைப் புகையிலையும் கெடுக்கிறது. அதனால் சுரங்கத் தூசியை அளக்காமல் விடுவதில்லை.

கேள்வித்தாளுக்கு உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. பணிச்சுமை ஒரு துறை முழுவதையும் அழுத்துவதால் சராசரியில் தெரிகிறது. துன்புறுத்தல் அப்படி இல்லை. பத்துப் பேரில் ஒருவரைக் குறிவைத்து அது நடக்கும். மற்ற ஒன்பது பேரின் நல்ல விடைகள் அவருடையதை மூழ்கடித்துவிடும். 35 கூற்றுகளில் உறவுகளைப் பற்றியவை நான்கே. அவற்றில் ஒன்று, நான் வேலையில் துன்புறுத்தப்படுகிறேன் என்று நேராகவே சொல்கிறது. இந்தக் கூற்றை மட்டும் சராசரியாக்காமல் தனியே பார்க்க வேண்டும். ஒருவர் ஆம் என்றாலும் விசாரிக்க வேண்டும். 2006இல் ஒரு பெரிய வங்கியின் ஊழியர், சக ஊழியர்கள் நாள்தோறும் தம்மை ஒதுக்கியும் கேலி செய்தும் வந்ததற்காக எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு பெற்றார். கத்தலோ அடியோ இல்லாத, ஒவ்வொன்றாக எடுத்தால் அற்பமாகத் தோன்றும் செயல்கள் சேர்ந்து ஒருவரை நோயாளியாக்கும் என்பதை அந்த வழக்கு காட்டியது. நீண்ட நேர வேலைக்கும் இத்தகைய குருட்டு இடம் உண்டு. 1998இன் வேலை நேர விதிகள் 17 வார சராசரியாக வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தன. ஆனால் ஊழியர் கையெழுத்திட்டு அந்த வரம்பிலிருந்து விலகிக்கொள்ளலாம். வேலை தேவைப்படும் ஒருவர் இடும் கையெழுத்தை முழு விருப்பம் என்று கொள்ள முடியாது.

மதிப்பீடு உண்மையானதா, வெறும் தாளா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதன் முடிவில் வந்த செயல்திட்டத்தைப் படிக்க வேண்டும். அதில் மனவலிமைப் பயிற்சி, யோகா வகுப்பு, ஆலோசகரின் தொலைபேசி எண் ஆகியவை மட்டும் இருந்தால் எதுவும் கட்டுப்படுத்தப்படவில்லை. தூசியை அப்படியே விட்டுவிட்டு முகமூடி கொடுத்திருக்கிறார்கள். ஆட்களின் எண்ணிக்கை, காலக்கெடு, பணிப்பங்கீடு, முறைவேலை அட்டவணை, ஒரு மேலாளரின் அதிகாரம் இவற்றில் ஏதாவது மாறியிருந்தால்தான் ஆபத்து அதன் ஊற்றில் தொடப்பட்டிருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் அளப்பதோடு நிற்பதற்குக் காரணம் அறியாமை அல்ல. பயிற்சி வகுப்புக்குச் செலவு குறைவு, ஆள் சேர்க்கச் செலவு அதிகம். ஆறு தரங்களும் வழிகாட்டுதல்களே. இடர் மதிப்பீடு செய்வது சட்டக் கடமை என்றாலும், இந்தத் தரங்களை எட்டாதது தன்னளவில் குற்றமாகாது. 2004க்குப் பிந்தைய ஆண்டுகளில் அரசே நடத்திய தொடர் கணக்கெடுப்புகள் நாட்டின் பணிச்சூழலில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் காட்டவில்லை. ஆஸ்திரேலியா 2022இல் தன் மாதிரி விதிகளில் உளசமூக ஆபத்துகளைப் பெயர் சொல்லிச் சேர்த்து, அவற்றைக் கட்டுப்படுத்துவதை வேலை கொடுப்பவரின் கடமையாக வகுத்தது. பிரிட்டனில் அந்த ஆறு தரங்களும் இன்னமும் வழிகாட்டுதல்களாகவே இருக்கின்றன. இழப்பீடு கேட்டு வருபவரிடம் நீதிமன்றம் இன்னமும் முதல் கேள்வியைத்தான் கேட்கிறது.