குழந்தை விழுங்கியது காசா, பட்டன் பேட்டரியா? முதல் 2 மணி நேரம் ஏன் முக்கியம்?

வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென இருமுகிறது. வாயில் எச்சில் வழிகிறது. "காசு எதையாவது முழுங்கிட்டான் போல, வாழைப்பழம் கொடு, தானா வெளிய வந்துடும்" என்று பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் சொல்வது வழக்கம். விழுங்கியது காசாக இருந்தால் பல நேரங்களில் பெரிய ஆபத்து இல்லாமல் போகலாம். ஆனால் அது பட்டன் பேட்டரியாக இருந்தால், அந்த வாழைப்பழத்துக்குச் செலவாகும் நேரம் கூட குழந்தையின் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

இரண்டும் ஒரே அளவு!

கார் சாவி, டிஜிட்டல் எடை மெஷின், சீரியல் லைட்டோடு வரும் சின்ன ரிமோட் போன்றவற்றில் பெரும்பாலும் இருப்பது CR2032 என்ற பேட்டரி. இதன் குறுக்களவு 20 மில்லிமீட்டர். இப்போது புழக்கத்தில் இருக்கும் புதிய 1 ரூபாய் நாணயமும் அதே 20 மில்லிமீட்டர்தான். இரண்டும் வட்டமாக, வெள்ளி நிறத்தில் மின்னும். அதனால் குழந்தை எதையோ வாயில் போட்டதை நேரில் பார்த்த அம்மாவால்கூட அது காசா, பேட்டரியா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சின்னக் குழந்தைகளின் உணவுக்குழாய் குறுகலானது. இந்த அளவுள்ள பொருள் வயிற்றுக்குப் போகாமல் கழுத்துக்குக் கீழே சிக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அங்கே சிக்கிய பிறகு காசு செய்வது வேறு, பேட்டரி செய்வது வேறு.

பேட்டரி உள்ளே என்ன செய்கிறது?

பேட்டரி உடைந்து, உள்ளே இருக்கும் ரசாயனம் கசிவதுதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பேட்டரி உடையவே தேவையில்லை. ஈரமான உணவுக்குழாய்ச் சுவர் பேட்டரியின் இரண்டு பக்கத்தையும் தொடும்போது அதன் வழியாக மின்சாரம் பாயத் தொடங்குகிறது. அப்போது பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தில், காஸ்டிக் சோடாவைப் போன்ற கடுமையான காரத்தன்மை உருவாகிறது. அது பட்ட இடத்தில் சதை கரைந்துபோகிறது.

இது 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை ஏற்படுத்திவிடும். நேரம் போகப்போக உணவுக்குழாயில் ஓட்டை விழலாம். பக்கத்திலேயே மூச்சுக்குழாயும் பெரிய ரத்தக்குழாய்களும் இருப்பதால் புண் அங்கேயும் பரவலாம். "ரிமோட் வேலை செய்யலைன்னு கழட்டிப் போட்ட பழைய பேட்டரிதானே" என்றும் விட்டுவிட முடியாது. ரிமோட்டை இயக்கப் போதாத பேட்டரியிலும் சதையை அரிக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கும்.

ஒரே மாலை, இரண்டு முடிவுகள்

ஒரு உதாரணம் பார்ப்போம். மாலை 7 மணி. 2 வயது குழந்தை இருமி, எச்சில் வடிக்கிறது. சாப்பாடு ஊட்டினால் தள்ளிவிடுகிறது. தரையில் சீரியல் லைட் ரிமோட் திறந்து கிடக்கிறது, பேட்டரியைக் காணோம். 7.10க்கு வீட்டிலிருந்து கிளம்பி 7.40க்கு மருத்துவமனைக்குப் போய்விட்டால், உடனே எக்ஸ்ரே எடுத்து, மயக்க மருந்து கொடுத்து, எண்டோஸ்கோப்பி மூலம் 9 மணிக்குள் பேட்டரியை எடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது.

அதே குழந்தை இருமல் அடங்கித் தூங்கிவிட்டது என்று காலை வரை காத்திருந்தால், பேட்டரி 12 மணி நேரம் ஒரே இடத்தில் அரித்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு பேட்டரியை எடுத்தாலும் புண் ஆழமாகிக்கொண்டே போகலாம்.

சளி, இருமல், காய்ச்சல், வாந்தி, மூச்சில் சத்தம் என்று சாதாரண நோய் போலவே இதன் அறிகுறிகள் இருக்கும். சில குழந்தைகளுக்கு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. 2020ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ரிமோட் பேட்டரியை விழுங்கிய ஒன்றரை வயதுக் குழந்தைக்கு முதலில் தொண்டைத் தொற்று என்றே கருதப்பட்டது. அந்தக் குழந்தை இறந்த பிறகு, அதன் பெயரிலேயே 2022ல் 'ரீஸ் சட்டம்' கொண்டுவரப்பட்டது. பேட்டரி மூடியைக் குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாதபடி பொருட்களைத் தயாரிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

காசாக இருந்தால்?

காசு சதையை அரிக்காது. வயிற்றுக்குப் போய்விட்டால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் மலத்தோடு வெளியே வந்துவிடும். உணவுக்குழாயில் சிக்கியிருந்து, குழந்தைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்றால், அது தானாகக் கீழே இறங்குகிறதா என்று மருத்துவர்கள் சில மணி நேரம் கண்காணிப்பார்கள். இறங்கவில்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, மூச்சு விடச் சிரமப்படுகிறது என்றால் உடனே எடுக்க வேண்டும்.

ஆனால் அது காசுதான் என்பதை எக்ஸ்ரேதான் சொல்ல வேண்டும். படத்தில் காசு ஒரே சீரான வட்டமாகத் தெரியும். பேட்டரிக்கு ஓரத்தில் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் தெரியும். அதுவரை பேட்டரி என்றே நினைத்துச் செயல்படுவதுதான் பாதுகாப்பு.

பெற்றோர் உடனே செய்ய வேண்டியவை

1. குழந்தையால் அழவோ இருமவோ மூச்சு விடவோ முடியவில்லை என்றால் அது மூச்சடைப்பு. குனிந்த நிலையில் பிடித்து, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். உடனே 108க்கு அழையுங்கள். நன்றாக இருமி, அழுகிற குழந்தையைத் தட்டத் தேவையில்லை.

2. மற்றபடி, எண்டோஸ்கோப்பி வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கிளம்புங்கள். வழியிலேயே போன் செய்து விஷயத்தைச் சொல்லுங்கள். போனதும் "பட்டன் பேட்டரியா இருக்கலாம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதே மாதிரி பேட்டரியோ, கவரோ, ரிமோட்டோ இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

3. குழந்தைக்கு 1 வயது முடிந்திருந்து, விழுங்கி 12 மணி நேரம் ஆகாமல், விழுங்கவும் முடிகிறது என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். அதிகபட்சம் 6 முறை. தேன் பேட்டரியின் மேல் படிந்து அரிப்பின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. வீட்டில் தேன் இல்லை என்றால் அதை வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். 1 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

4. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். வாழைப்பழம், சாத உருண்டை, தண்ணீர் எதுவும் வேண்டாம். சிக்கிய பேட்டரியை சாப்பாடு தள்ளாது. வயிறு நிறைந்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பதில்தான் சிக்கல் வரும்.

எடுத்த பிறகும் கவனம்

பேட்டரியை எடுத்துவிட்டதோடு முடிந்துவிடுவதில்லை. புண் ஆறும் நாட்களில், சில வாரங்கள் கழித்துக்கூட ரத்தக்கசிவு வரலாம். குழந்தை ரத்தமாக வாந்தி எடுத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, கொஞ்சம்தானே என்று நினைக்காமல் அப்போதே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

வீட்டில் இன்றே ஒரு வேலை செய்யலாம். பட்டன் பேட்டரி உள்ள பொருட்களை எடுத்து, எதில் ஸ்க்ரூ இல்லாமல் மூடி திறக்கிறது என்று பாருங்கள். அவற்றின் மூடியை நல்ல டேப் போட்டு ஒட்டி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கழற்றிய பழைய பேட்டரியின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, அன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள்.